மாலை 6 மணி கேண்டில் ஏன் திரும்புகிறது

கேள்வி: "சார், நான் வேளச்சேரி. அமெரிக்க பணவீக்க எண், வேலைவாய்ப்பு எண் வரும் மாலைகளில் ஆபீஸ் விட்டு வந்ததும் சார்ட்டைத் திறந்து வைத்துக்கொள்கிறேன். முதல் 2 நிமிஷம் ஒரு பக்கம் பிய்த்துக்கொண்டு ஓடுகிறது, அரை மணியில் எப்போதும் அப்படியே திரும்பி எதிர்ப்பக்கம் போகிறது. இது ஆபரேட்டர் வேலையா? முதல் ஓட்டம் நிஜமா, பொய்யா என்று சார்ட்டிலேயே கண்டுபிடிக்க வழி உண்டா?"

ஆபரேட்டரைக் கொஞ்சம் தள்ளி வைப்போம். உங்கள் கேள்விக்கு அடியில் இன்னொரு கேள்வி இருப்பதாக எனக்குப் படுகிறது. முதல் 2 நிமிஷத்து விலையைப் போடுவது யார், அரை மணி கழித்து வரும் விலையைப் போடுவது யார், இரண்டும் ஏன் ஒத்துப்போவதில்லை என்பது. இது புரிந்துவிட்டால் நிஜமா பொய்யா என்று கேட்கவே தோன்றாது. என்னைப் பற்றி ஒரு வரி. செகண்ட் லைன் பீச் பக்கம் ஒரு புரோக்கர் அலுவலகத்தில் ஆர்டர் எழுதும் பையனாகச் சேர்ந்து, பல வருஷம் டீலராக இருந்து, இப்போது சொந்தக் காசில் நிஃப்டி ஆப்ஷன் செய்பவன். பொருளாதாரப் பட்டம் எதுவும் கிடையாது. எண் வரும் நேரத்தில் ஸ்கிரீன் முன்னால் உட்கார்ந்த அனுபவம்தான் கையில் இருக்கிறது. அதனால் எது உறுதி, எது என் யூகம் என்று ஆங்காங்கே பிரித்துச் சொல்லிவிடுகிறேன்.

முதலில் நேரம். அமெரிக்க தொழிலாளர் புள்ளியியல் துறை இந்த இரண்டு அறிக்கைகளையும் அங்கே காலை 8.30க்கு வெளியிடுகிறது. மார்ச் இரண்டாவது ஞாயிறு முதல் நவம்பர் முதல் ஞாயிறு வரை அவர்கள் கடிகாரத்தை ஒரு மணி முன்னால் தள்ளி வைத்திருப்பார்கள். அந்த மாதங்களில் நமக்கு மாலை 6 மணி, மற்ற மாதங்களில் 7 மணி. அவர்களுடைய பங்குச் சந்தை திறப்பது அதற்கு ஒரு மணி நேரம் கழித்து. ஆக, எண் வரும் நொடியில் எஸ் அண்ட் பி 500 என்ற குறியீடு நகர்வதே இல்லை. நகர்வது அதன் ஃபியூச்சர்ஸ் மட்டும். நீங்கள் குறியீட்டின் சார்ட்டைப் பார்த்தால் முந்தின நாள் மூடிய விலையும் இன்று திறந்த விலையும்தான் தெரியும், நடுவில் நடந்த கூத்து தெரியாது. போதாததற்கு, திறந்த முதல் நொடிகளில் இன்னும் வர்த்தகம் தொடங்காத பங்குகளை முந்தின நாள் விலையிலேயே வைத்துக் குறியீட்டைக் கணக்கிடுகிறார்கள். அதனால் முதல் நிமிஷ கேண்டில் நேற்றைய விலைக்குப் பக்கத்தில் பிறந்து சர்ரென்று கீழே இறங்குவதுபோல் ஒரு தோற்றம் வரும். யாரும் அந்த விலையில் வாங்கவும் இல்லை, விற்கவும் இல்லை. டிரேடிங்வியூவில் பார்க்கிறீர்கள் என்றால் `ES1!` போட்டுப் பாருங்கள். பக்கத்தில் 2 வருஷ அமெரிக்க கடன் பத்திர வட்டிக்கு `US02Y` ஒன்றும் திறந்திருக்கட்டும், அதற்குப் பிறகு வருகிறேன்.

எண் வருவதற்கு ஒன்றிரண்டு நிமிஷம் முன்னால் ஃபியூச்சர்ஸ் ஆர்டர் புத்தகத்தைப் பார்த்தால் ஒரு விஷயம் கண்ணில் படும். வழக்கமாக ஒவ்வொரு விலையிலும் அடுக்கி நிற்கும் வாங்குவோர், விற்போர் ஆர்டர்கள் கரைந்துவிடும். இரண்டு பக்கமும் விலை கொடுத்துக்கொண்டு நிற்பது சந்தையில் சில நிறுவனங்களின் தொழில். என்ன வரப்போகிறது என்று தெரியாத நேரத்தில் பழைய விலையில் நின்றால் அடி வாங்குவோம் என்பதால் அவர்கள் விலகிக்கொள்கிறார்கள். இது உறுதியாகத் தெரிந்த விஷயம். 6 மணி அடித்ததும் தலைப்பு எண்ணை மனிதர் யாரும் படிப்பதில்லை, நிரல்கள் படிக்கின்றன. எதிர்பார்ப்பு 8.1, வந்தது 8.2 என்றால் விற்பனை ஆர்டர் நொடிக்குள் போய்விடும். எதிரே வாங்க நிற்பவர்கள் குறைவு என்பதால் சாதாரண நேரத்தில் 2 புள்ளி தள்ளக்கூடிய ஆர்டர் இப்போது 20 புள்ளி தள்ளும். அந்தத் தள்ளலில் பலருடைய ஸ்டாப் லாஸ் அடிபடும். அடிபட்ட ஸ்டாப் லாஸ் ஒவ்வொன்றும் 'கிடைத்த விலைக்கு வில்' என்ற ஆர்டராக மாறி அதே ஓட்டத்தில் சேர்ந்துகொள்ளும். நீங்கள் ஆபரேட்டர் என்று சந்தேகப்படுவதில் பெரும்பங்கு இதுதான் என்று நினைக்கிறேன். யாரும் திட்டமிடாமலே இது நடக்கும். கோயம்பேட்டில் விடியற்காலை முதல் லாரிக்குச் சொல்லும் விலையை அன்றைய விலை என்று எடுத்துக்கொள்ள முடியாது, எல்லா லாரியும் வந்து சேரும்போது விலை வேறாக இருக்கும். 6 மணி 1 நிமிஷத்து விலையும் அப்படித்தான். அது ஒரு விலை. ஆனால் மிகக் குறைவான பேர் கூடிப் போட்ட விலை.

அடுத்த 10, 15 நிமிஷத்தில் வேறு ஆட்கள் வருகிறார்கள். அறிக்கையின் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்து, அதை வைத்து அமெரிக்க மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வ் வட்டியை என்ன செய்யும் என்று கணக்குப் போடுபவர்கள் இவர்கள். விலகி நின்ற நிறுவனங்களும் மெல்லத் திரும்பி வரும். தலைப்பு சொன்னதையே உள்ளே இருப்பதும் சொன்னால் ஓட்டம் தொடரும். வேறு மாதிரி சொன்னால் திரும்பும். இதற்கு நல்ல உதாரணம் 2023 அக்டோபர் 6 வெள்ளிக்கிழமை வந்த வேலைவாய்ப்பு அறிக்கை. செப்டம்பர் மாதத்தில் 1,70,000 வேலைகள் கூடியிருக்கும் என்பது எதிர்பார்ப்பு, அறிக்கையில் இருந்தது 3,36,000. கிட்டத்தட்ட இரட்டிப்பு. போதாக்குறைக்கு ஜூலை, ஆகஸ்ட் எண்களையும் சேர்த்து 1,19,000 உயர்த்தித் திருத்தியிருந்தார்கள். பொருளாதாரம் இவ்வளவு சூடாக இருந்தால் வட்டி இறங்காது என்ற கணக்கில் ஃபியூச்சர்ஸ் விழுந்தது, பத்திர வட்டி ஏறியது. ஆனால் அதே அறிக்கையின் உள்ளே சராசரி மணிக்கூலி மாதத்துக்கு 0.2 சதவீதம்தான் ஏறியிருந்தது, எதிர்பார்ப்போ 0.3. வேலையின்மை விகிதமும் எதிர்பார்த்த 3.7க்குப் பதில் 3.8இல் நின்றது. ஃபெட் அன்று கவலைப்பட்டது வேலை எண்ணிக்கையைப் பற்றி அல்ல, கூலி ஏறி அது விலைவாசியில் ஒட்டிக்கொள்வதைப் பற்றி. கீழே திறந்த எஸ் அண்ட் பி 500 அன்று 1.2 சதவீதம் ஏறி மூடியது. ஏற்றத்துக்குக் கூலி எண் மட்டும்தான் காரணமா என்றால் என்னால் சத்தியம் செய்ய முடியாது. அதற்கு முந்தைய வாரங்களில் சந்தை நன்றாக விழுந்திருந்தது, விலை விழும் என்று முன்பே விற்று ஷார்ட் போட்டிருந்தவர்கள் வாங்கி மூடியதும் சேர்ந்திருக்கும்.

வேலை எண்ணைப் பற்றி ஒன்று நினைவில் இருக்கட்டும். அது ஒரு மாதிரி ஆய்வின் மதிப்பீடு. மாத மாற்றத்தில் இரண்டு பக்கமும் ஏறத்தாழ 1,30,000 வரை பிசகலாம் என்று வெளியிடும் துறையே சொல்கிறது. அதாவது எதிர்பார்ப்புக்கு 40,000 அதிகம், 50,000 குறைவு என்று தொலைக்காட்சியில் குதிப்பது பெரும்பாலும் பிசகு எல்லைக்குள் நடக்கும் குதிப்பு. நிரல்களுக்கு அந்தக் கவலை கிடையாது, அவை குதித்துவிடும். பிற்பாடு மனிதர்கள் வந்து பார்த்து "இதற்கா இவ்வளவு" என்று திரும்பும்போது நீங்கள் சொல்லும் அரை மணி முடிந்திருக்கும். வேலையின்மை விகிதம் இதே அறிக்கையில் வந்தாலும் வேறு ஆய்வில் இருந்து எடுக்கப்படுகிறது. முன்னது நிறுவனங்களைக் கேட்டு எடுப்பது, பின்னது வீடுகளைக் கேட்டு எடுப்பது. ஒரே அறிக்கைக்குள் இரண்டும் எதிரெதிராகப் பேசுவது சகஜம். பணவீக்க அறிக்கையைவிட வேலைவாய்ப்பு அறிக்கையில் முன்னும் பின்னும் இழுப்பு அதிகமாக எனக்குத் தெரிவதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம். இது யூகம்தான்.

இதோடு நின்றிருந்தால் எளிதாக இருக்கும்: உள்ளே படி, முடிவெடு. ஆனால் உள்ளே இருப்பதும் மோசம், தலைப்பும் மோசம், இருந்தும் சந்தை திரும்பி ஏறிய நாள் ஒன்று உண்டு. 2022 அக்டோபர் 13. அந்த நாளை அதற்கு முந்தைய மாதத்தோடும் பிந்தைய மாதத்தோடும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் இந்த விஷயம் எனக்கே பிடிபட்டது.

செப்டம்பர் 13இல் தொடங்குவோம். ஆகஸ்ட் மாதப் பணவீக்கம் வந்த நாள். உணவையும் எரிபொருளையும் நீக்கிய பணவீக்கத்தைச் சந்தையில் கோர் என்பார்கள், ஃபெட் அதிகம் பார்ப்பது அதைத்தான். மாதத்துக்கு 0.3 எதிர்பார்த்த இடத்தில் கோர் 0.6 வந்தது. அறிக்கைக்கு முந்தைய நாலு நாளும் சந்தை ஏறியிருந்தது, பணவீக்கம் தணிந்துவிட்டது என்ற நம்பிக்கையில் வாங்கி வைத்திருந்தார்கள். ஃபியூச்சர்ஸ் விழுந்தது, பங்குச் சந்தை கீழே திறந்தது, நாள் முழுக்க விழுந்துகொண்டே இருந்தது. 4.3 சதவீத இறக்கம். திரும்புதல் என்ற பேச்சே இல்லை. முதல் ஓட்டம் திரும்பும் என்று நம்பி அன்று வாங்கியவர் நாள் முடிவதற்குள் துடைத்தெடுக்கப்பட்டிருப்பார்.

ஒரு மாதம் கழித்து அக்டோபர் 13. செப்டம்பர் மாதத் தலைப்பு 8.2 சதவீதம், எதிர்பார்ப்பு 8.1. கோர் வருடத்துக்கு 6.6 சதவீதம், 1982க்குப் பிறகு அவ்வளவு உயரத்தை யாரும் பார்த்ததில்லை. மோசமான எண், சந்தேகமே இல்லை. ஆனால் மேடை வேறு. அதற்கு முந்தைய 6 நாளும் எஸ் அண்ட் பி 500 இறங்கியிருந்தது. ஜனவரி உச்சத்தில் இருந்து கணக்குப் போட்டால் கால்வாசி போயிருந்தது. பயந்தவர்கள் ஏற்கெனவே விற்றிருந்தார்கள், விற்காதவர்கள் சந்தை விழுந்தால் லாபம் தரும் புட் ஆப்ஷன் வாங்கிப் பாதுகாத்திருந்தார்கள். அறிக்கை வந்ததும் வழக்கம்போல் ஃபியூச்சர்ஸ் சரிந்தது. முந்தின நாள் 3,577இல் மூடிய குறியீடு திறந்த பிறகு 3,491 வரை போனது. அங்கிருந்து திரும்பியது. பழைய மூடிய விலையைத் தாண்டி, நாள் முடியும்போது 3,669. முந்தின நாளைவிட 2.6 சதவீதம் மேலே, அன்றைய அடியில் இருந்து பார்த்தால் 5 சதவீதத்துக்கு மேல். நடுவில் எந்த நல்ல செய்தியும் அறிக்கைக்குள் புதிதாக முளைக்கவில்லை.

ஏன் திரும்பியது? பல விளக்கங்கள் சொல்கிறார்கள். எனக்கு நியாயமாகப் படுவதைச் சொல்கிறேன், நிரூபிக்கப்பட்டது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். புட் விற்ற நிறுவனம் சும்மா உட்கார்ந்திருக்காது, சந்தை விழுந்தால் தனக்கு வரும் நஷ்டத்தை ஈடுகட்ட ஃபியூச்சர்ஸை விற்று வைத்திருக்கும். புட் பிரீமியத்தில் 'நாளைக்கு என்ன வருமோ' என்ற பயத்துக்கும் ஒரு விலை இருக்கிறது. எண் வந்துவிட்டது, கெட்டதாகவே இருக்கட்டும், தெரியாமல் இருந்தது தெரிந்துவிட்டது. பயத்தின் விலை இறங்குகிறது, புட் வாங்கியவர்கள் லாபத்தை எடுக்க விற்கிறார்கள், எதிர்ப்பக்கம் இருந்த நிறுவனம் ஈட்டுக்கு விற்று வைத்திருந்த ஃபியூச்சர்ஸைத் திரும்ப வாங்குகிறது. கூடவே ஷார்ட் போட்டவர்களும் வாங்கி மூடுகிறார்கள். விற்க வேண்டியவர்கள் எல்லாம் முன்பே விற்றுவிட்டதால், புதிதாக விற்க ஆள் இல்லாத இடத்தில் இந்த வாங்குதல் மட்டும் நடக்கிறது. இன்னொன்று, 2020 மார்ச் அடியில் இருந்து 2022 ஜனவரி உச்சம் வரையிலான ஏற்றத்தில் சரிபாதி 3,505 அருகில் வருகிறது, அதைத் தொட்டதும் திரும்பியது என்று சார்ட் நண்பர்கள் சொல்வார்கள். அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டு பலர் உட்கார்ந்திருந்தது உண்மை. அதுதான் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். அடுத்த நாளே 2.4 சதவீதம் இறங்கி, முந்தைய நாள் ஏற்றத்தில் பெரும்பகுதியைத் திருப்பிக் கொடுத்துவிட்டது என்பதையும் சொல்லிவிட வேண்டும். திரும்பியதும் திரும்பியது.

நவம்பர் 10 கதை சின்னது. கோர் 0.5 எதிர்பார்த்த இடத்தில் 0.3, தலைப்பு 7.9 எதிர்பார்த்த இடத்தில் 7.7. ஏற ஆரம்பித்த சந்தை நிற்கவே இல்லை, 5.5 சதவீதம்.

இந்த மூன்றையும் வைத்துக்கொண்டு நான் பார்ப்பது இரண்டே விஷயம். ஒன்று, எதிர்பார்ப்புக்கும் வந்த எண்ணுக்கும் உள்ள இடைவெளி கோரின் மாத எண்ணில் எவ்வளவு. 0.1 என்றால் அது முழுங்கக்கூடியது, 0.2, 0.3 என்றால் வட்டிக் கணக்கையே மாற்றி எழுத வேண்டியது. 0.1 இடைவெளியில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. அச்சிடுவது ஒரு தசமம் மட்டும். 2024 ஏப்ரல் 10 அன்று வந்த மார்ச் மாதக் கோர் 0.4 என்று அச்சானது, எதிர்பார்ப்பு 0.3. முழுக் கணக்கில் அது 0.36. சற்றே குறைந்து 0.35க்குக் கீழே இருந்திருந்தால் 0.3 என்றுதான் அச்சாகியிருக்கும். நிரல் முதல் நொடியில் பார்ப்பது 0.4ஐ. பருவகால ஏற்ற இறக்கத்தை நீக்கிய கோர் குறியீட்டு எண் துறையின் இணையதளத்தில் இருக்கும், அதை எடுத்து இப்படிப் போட்டால் நிஜ எண் வரும்:

```
(இந்த மாதக் குறியீடு / போன மாதக் குறியீடு - 1) * 100
```

அன்று இப்படிக் கணக்குப் போட்டு "ஒரு நூலிழைதானே" என்று சொன்னவர்கள் உண்டு. ஆனாலும் சந்தை கிட்டத்தட்ட 1 சதவீதம் கீழேதான் மூடியது. ஏனென்றால் எதிர்பார்ப்பைத் தாண்டியது அது தொடர்ச்சியாக மூன்றாவது மாதம். நூலிழை மூன்று சேர்ந்தால் கயிறு.

இரண்டாவது விஷயம், அறிக்கைக்கு முந்தைய 5, 6 நாளில் சந்தை எந்தப் பக்கம் சாய்ந்திருந்தது என்பது. எண் அடிக்கும் பக்கமும் முன்பே சாய்ந்த பக்கமும் ஒன்றாக இருந்து, இடைவெளியும் சின்னதாக இருந்தால் திரும்புவதற்கு வாய்ப்பு அதிகம். அக்டோபர் 13 அப்படி. எண் எதிர்ப்பக்கம் அடித்து, இடைவெளியும் பெரிதாக இருந்தால் திரும்பும் என்று காத்திருக்காதீர்கள். செப்டம்பர் 13 அப்படி. நடுவில் உள்ள நாட்கள்தான் அதிகம், அவற்றில் எனக்கும் தெரியாது, ஒதுங்கிவிடுவேன்.

இனி சார்ட்டில் என்ன செய்வது. எண் வருவதற்கு ஒரு நிமிஷம் முன்பு ஃபியூச்சர்ஸ் எந்த விலையில் இருக்கிறதோ அங்கே ஒரு கோடு போடுங்கள். அன்றைக்கு அதுதான் முக்கியமான கோடு. முதல் 1 நிமிஷ கேண்டிலின் வாலைப் பிடித்து சப்போர்ட், ரெசிஸ்டன்ஸ் வரையாதீர்கள், காலியான ஆர்டர் புத்தகத்தில் விலை தடுக்கி விழுந்த இடம் அது. 5 நிமிஷ கேண்டில் மூன்று முடியட்டும். விலை பாதி திரும்பினால் அது இன்னும் திரும்புதல் அல்ல, விழுந்தவன் மூச்சு வாங்குவது. கோட்டைத் தாண்டி, தாண்டிய பக்கமே 5 நிமிஷ கேண்டில் ஒன்றிரண்டு மூடினால்தான் முதல் ஓட்டத்தைப் போட்டவர்கள் மொத்தமாக நஷ்டத்தில் மாட்டிக்கொண்டார்கள் என்று பொருள். அவர்கள் வெளியேற வேண்டிய கட்டாயமே அடுத்த ஓட்டத்துக்கு எரிபொருள்.

அதே நேரத்தில் `US02Y` பக்கம் ஒரு பார்வை. 2 வருஷ வட்டி ஃபெட் அடுத்து என்ன செய்யும் என்ற கணிப்போடு நெருக்கமாக நகரும். குறியீடு விழுந்து மீள்கிறது, ஆனால் வட்டி ஏறிய இடத்திலேயே குத்துக்கல்லாக நிற்கிறது என்றால் அந்த மீட்சியை நான் நம்புவதில்லை. வட்டியும் ஏறியதில் பெரும்பகுதியைத் திருப்பிக் கொடுத்தால் கொஞ்சம் நம்புவேன். இதுவும் விதி இல்லை. 2022 அக்டோபர் 13இல் 10 வருஷ வட்டி 4 சதவீதத்தைத் தாண்டிவிட்டுப் பின்வாங்கியது என்றாலும், பங்குகள் ஏறிய வேகத்துக்கும் அதற்கும் பொருத்தமே இல்லை. அடுத்த நாள் ஏற்றம் கரைந்ததற்கு அது ஒரு முன்னறிவிப்பு என்று பின்னால் உட்கார்ந்து சொல்லலாம். அன்றைக்கு அப்படிச் சொல்லியிருப்பேனா என்று கேட்டால், மாட்டேன்.

கடைசிச் சோதனை அவர்களுடைய பங்குச் சந்தை திறக்கும் நேரம், நமக்கு 7 அல்லது 8 மணி. எண் வந்தபோது இல்லாத பெரிய கூட்டம் அப்போதுதான் வருகிறது. ஃபியூச்சர்ஸ் போட்ட அடியை உடைத்துக்கொண்டு புதிய அடி போட்டு, அங்கே தங்காமல் மேலே வந்தால் கவனியுங்கள். தங்கினால் அது செப்டம்பர் 13 வகை நாள்.

இப்போது நம் ஊர் விஷயம். மாலை 6 மணிக்கு நிஃப்டி தூங்கிக்கொண்டிருக்கும். விழித்திருப்பது குஜராத் கிஃப்ட் சிட்டியில் நடக்கும் நிஃப்டி ஃபியூச்சர்ஸான கிஃப்ட் நிஃப்டி மட்டும், அதன் இரண்டாவது அமர்வு மாலை 4.35க்குத் தொடங்கி நள்ளிரவு தாண்டி 2.45 வரை நடக்கும். அமெரிக்க முதல் ஓட்டம், அதன் திரும்புதல் இரண்டும் முடிந்த பிறகுதான் நமக்கு 9.15 மணி வரும். ஆக நிஃப்டி சார்ட்டில் நீங்கள் பார்க்கும் கேப், இரவு முழுக்க அரைத்துச் சலித்த மாவு. அது அன்றே திரும்பினால் அதற்குக் காரணம் பெரும்பாலும் நம் ஊர்க் காரணம். இந்த இரண்டையும் நான் குழப்பிக்கொண்டு சூடு வாங்கியது 2022 செப்டம்பர் 14 அன்று. முந்தின இரவு அமெரிக்கா 4.3 சதவீதம் விழுந்து, நடுவில் மீட்சி எதுவும் இல்லை. காலையில் நிஃப்டி ஏறத்தாழ 300 புள்ளி கீழே திறந்தது. நானும் அங்கே மாதிரியே இங்கேயும் நாள் முழுக்க விழும் என்று 9.20க்கு புட் வாங்கினேன், மறுநாள் வியாழக்கிழமை எக்ஸ்பைரி. நிஃப்டி அங்கிருந்தே ஏற ஆரம்பித்து, ஒரு கட்டத்தில் பச்சைக்கே போய், கடைசியில் வெறும் 66 புள்ளி இறக்கத்தில் 18,003இல் மூடியது. புட் பிரீமியம் இரண்டு பக்கமும் அடி வாங்கியது: சந்தை ஏறியதால் ஒரு அடி, பயத்தின் விலை இறங்கியதால் இன்னொரு அடி. போட்டதில் முக்கால்வாசி மதியத்துக்குள் காலி. பிறகு ஒரு மாதம் கழித்து அமெரிக்கா திரும்பி ஏறிய மறுநாள், அக்டோபர் 14 அன்று, நிஃப்டி மேலே திறந்து, திறந்த இடத்தைக் காப்பாற்ற முடியாமல், 1 சதவீத ஏற்றத்தோடு நின்றது. நவம்பர் 11 அன்று மேலே திறந்து அங்கேயே நின்று 321 புள்ளி ஏற்றத்தில் மூடியது. மூன்று நாளும் கேப், மூன்று விதமான முடிவு.

வேலைவாய்ப்பு அறிக்கைக்கு இன்னொரு சிக்கல். அது பெரும்பாலும் மாதத்தின் முதல் வெள்ளி. நமக்கு நடுவில் சனி, ஞாயிறு. மேலே சொன்ன 2023 அக்டோபர் 6 வெள்ளியன்று அமெரிக்கா அவ்வளவு அழகாகத் திரும்பி ஏறியது. மறுநாள் சனிக்கிழமை இஸ்ரேல் மீது ஹமாஸ் தாக்குதல். திங்களன்று நிஃப்டி இறங்கித்தான் மூடியது. வெள்ளி இரவு சார்ட்டைப் பார்த்துத் திங்கள் காலைக்குக் கணக்குப் போட்டவர் கணக்கில் அது எங்கே இருந்திருக்கும்?

நம் நாட்டுப் பணவீக்க எண் 12ஆம் தேதி மாலை 4 மணிக்கு வருகிறது. 2024 நவம்பருக்கு முன்பு 5.30 மணி. இரண்டுமே 3.30க்குப் பிறகு, அதனால் முதல் ஓட்டம் என்ற ஒன்றே நிஃப்டியில் இல்லை. காய்கறி, பருப்பு விலை எந்தப் பக்கம் போகிறது என்று மாம்பலம் மார்க்கெட்டுக்குப் போய்வரும் எவருக்கும் ஓரளவு முன்பே தெரிந்திருப்பதால் பெரிய அதிர்ச்சியும் அபூர்வம். 2025 முதல் மாதாமாதம் வரும் வேலையின்மை எண்ணுக்கு நிஃப்டி திரும்பிப் பார்த்து நான் கண்டதில்லை.

உங்கள் கேள்வியில் ஒரு சொல்லை மட்டும் நான் மாற்றுவேன். அரை மணியில் எப்போதும் திரும்புவதாக எழுதியிருக்கிறீர்கள். திரும்பிய நாட்கள் நம்மை அடித்த நாட்கள், அதனால் மனதில் தங்குகின்றன. நேராக ஓடிய நாட்களில் "எதிர்பார்த்ததுதானே" என்று சார்ட்டை மூடிவிட்டு சாப்பிடப் போய்விடுகிறோம். எவ்வளவு திரும்பினால் திரும்புதல் என்று வரையறுப்பதைப் பொறுத்து எண்ணிக்கையும் மாறும். பாதி போதும் என்றால் நிறைய நாள் வரும், கோட்டைத் தாண்ட வேண்டும் என்றால் வெகுவாகக் குறையும். நான் ஒரு நோட்டில் ஒவ்வொரு அறிக்கைக்கும் நாலு விலை எழுதி வைக்கிறேன்: எண் வருவதற்கு ஒரு நிமிஷம் முன்பு, 5 நிமிஷம் கழித்து, அவர்கள் சந்தை திறந்தபோது, மூடியபோது. பக்கத்தில் கோர் இடைவெளியும் முந்தைய வாரச் சாய்வும். நீங்களும் ஒரு வருஷத்துக்கு எழுதிப் பாருங்கள், இரண்டு அறிக்கைக்கும் சேர்த்து 24 வரிதான் வரும். எழுதும் வருஷம் ஆர்டர் எதுவும் போட வேண்டாம் என்று சொன்னால் கேட்க மாட்டீர்கள் என்று தெரியும், ஒரு லாட்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.